முதல் தவணைக்கு முந்தைய ஒரு வருஷம்: கல்விக் கடனோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பணத் திட்டம்

டிகிரி முடிச்சாச்சு. வேலை கிடைச்சாச்சு, இல்லைன்னா சீக்கிரமே கிடைச்சிடும். சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. கூடவே ஒரு கல்விக் கடன் கணக்கும் இருக்கிறது. "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தானே கட்டணும், அப்ப பார்த்துக்கலாம்" என்று பலர் அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிக்கும் காலமும் அதன்பிறகு ஒரு வருஷமும் தவணை கட்டத் தேவையில்லை. இதைத்தான் வங்கியில் 'மொரட்டோரியம்' என்கிறார்கள். தவணைக்குத்தான் இந்த விடுமுறை. வட்டி தினமும் ஓடிக்கொண்டே இருக்கும். மொரட்டோரியம் முடிகிற அன்று, அதுவரை சேர்ந்த வட்டி மொத்தமும் அசலோடு சேர்க்கப்படும். அந்தப் புதிய தொகைக்குத்தான் உங்கள் மாதத் தவணை கணக்கிடப்படும். இந்த ஒரு வருஷத்தில் உங்களுக்கு மிக முக்கியமான தேதி அதுதான். அந்தத் தேதிக்குள் என்ன செய்யலாம் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஓர் உதாரணக் கணக்கு

கயல் என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல் முடித்தவர். அப்பா போக்குவரத்துக் கழக ஓட்டுநர். கயலின் கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய், வட்டி 10 சதவீதம். கணக்கு எளிதாக இருக்க, வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் வாங்கியதாக எடுத்துக்கொள்வோம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்ததில் சேர்த்து வைத்தது 24,000 ரூபாய் இருக்கிறது.

முதல் வருஷம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு நான்கு வருஷ வட்டி 40,000. இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 20,000, நான்காவதுக்கு 10,000. ஆக, படிப்பு முடியும்போதே வட்டி ஒரு லட்சம் ஆகிவிட்டது. மொரட்டோரியத்தின் கடைசி ஒரு வருஷத்தில் 4 லட்சத்துக்கு இன்னும் 40,000 சேரும். எதுவும் கட்டாமல் விட்டால், தவணை தொடங்கும்போது கடன் 5,40,000 ரூபாய். பத்து வருஷத்தில் அடைக்க, மாதம் சுமார் 7,136 ரூபாய் கட்ட வேண்டும்.

'நாலு லட்சம்தானே வாங்கினோம், ஐந்தாயிரம் வரும்' என்று நினைத்திருந்தவருக்கு முதல் தவணை அன்று இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் முன்பே தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

ஜூன், ஜூலை: வங்கிக் கிளையில் மூன்று கேள்விகள்

வேலை தேடும் இந்த மாதங்களிலேயே, கடன் வாங்கிய கிளைக்கு அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். கடனில் அவர்களும் இணைக் கடன்தாரர்தான். இதுவரையிலான ஸ்டேட்மெண்ட்டையும் கடன் ஒப்புதல் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: "எனக்கு வட்டி மானியம் வந்திருக்கா?" பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சம் ரூபாய்க்குள் இருந்து, நீங்கள் படித்தது தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ என்றால், திட்டத்தின் மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மொரட்டோரியக் கால வட்டியை ஒன்றிய அரசே வங்கிக்குத் தருகிறது. இது தானாக வந்துவிடாது. வருமானச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும், வங்கியும் கோரிக்கை அனுப்பியிருக்க வேண்டும். தகுதி இருந்தும் ஸ்டேட்மெண்ட்டில் மானியம் வரவாகவில்லை என்றால், கிளையில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முழு மானியம் வந்தால் கயலின் கடன் வெறும் 4 லட்சத்தில் நிற்கும், தவணையும் சுமார் 5,286 ரூபாய்தான். மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம். மானியம் உறுதியானவர்கள் கையில் இருந்து வட்டி கட்ட வேண்டியதில்லை. கயலின் வீட்டு வருமானம் 5 லட்சத்தைத் தாண்டியதால் அவருக்கு இது கிடைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: "வட்டியை அசலோட எந்தத் தேதியில சேர்ப்பீங்க? முதல் தவணை எந்தத் தேதி?" கயலின் கணக்கில் படிப்பு முடிந்த தேதி ஜூன் 10 என்று பதிவாகியிருக்கிறது. அடுத்த வருஷம் ஜூன் 10-இல் வட்டி அசலோடு சேரும், ஜூலை 10-இல் முதல் தவணை. பழைய கடன்கள் சிலவற்றில் 'வேலை கிடைத்து ஆறு மாதம்' என்ற நிபந்தனை இருக்கலாம். அதனால் நண்பருக்குச் சொன்ன தேதியை உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: "மொரட்டோரியத்துல தனி வட்டியா, கூட்டு வட்டியா?" மாதிரித் திட்டப்படி தனி வட்டிதான். அதாவது வட்டிக்கு வட்டி கிடையாது. வங்கி சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்டேட்மெண்ட்டில் ஜூலை மாத வட்டியையும் ஆகஸ்ட் மாத வட்டியையும் பாருங்கள். இரண்டும் 31 நாள் மாதங்கள். 4 லட்சத்துக்கு 10 சதவீதத் தனி வட்டி என்றால் இரண்டு மாதமும் ஒரே தொகை, சுமார் 3,397 ரூபாய் வரும். ஆகஸ்டில் அது கூடியிருந்தால், வட்டி விகிதம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விகிதம் மாறாமல் தொகை மட்டும் கூடினால், வட்டிக்கு வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். ஸ்டேட்மெண்ட்டில் பாக்கித் தொகை 5 லட்சம் என்று காட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வட்டியைச் சேர்த்துக் காட்டினாலும் கணக்கிடுவது அசலுக்கு மட்டும்தானா என்பதை மாத வட்டித் தொகைதான் சொல்லும்.

தனி வட்டி தரும் சலுகை

இந்த மூன்றாவது கேள்விக்குத் 'தனி வட்டி' என்று பதில் வந்தால், உங்கள் வருஷத் திட்டமே எளிதாகிவிடும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஒரு லட்சம் வட்டிக்கு இந்த வருஷம் முழுக்க ஒரு ரூபாய்கூட வட்டி வராது. அடுத்த ஜூன் 10-க்குப் பிறகுதான் அதுவும் அசலாக மாறி வட்டி போட ஆரம்பிக்கும்.

இதனால் வட்டிக் கணக்கில் 40,000 ரூபாயை மாதாமாதம் பிரித்துக் கட்டினாலும், ஜூன் 10-க்கு முன் மொத்தமாகக் கட்டினாலும், பலன் ஒன்றுதான். ஆனால் உங்கள் பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றல்ல. டிசம்பரில் கட்டிவிட்ட பணத்தை, மார்ச்சில் வேலை போனால் வங்கி திருப்பித் தராது. உங்கள் கணக்கில் இருந்தால் அது உங்கள் பணம். அதனால் இந்த வருஷத்தின் வரிசை இதுதான்: முதலில் அவசரப் பணம், அடுத்து தவணை ஒத்திகை, கடைசியில் ஜூன் 10-க்கு முன் ஒரே கட்டாக வட்டி.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மொரட்டோரியத்தில் மாதாமாதம் வட்டி கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை சலுகை தருகின்றன. உங்கள் கடனுக்கு அது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் மாதம் கட்டுவதே லாபம். உங்கள் கடனுக்குக் கூட்டு வட்டி என்றாலும், காத்திருக்காமல் மாதம் கட்டுங்கள்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை: அவசரப் பணம்

கயலுக்கு ஆகஸ்டில் கோவையில் வேலை. ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 3 லட்சம் என்று இருக்கிறது. மாதம் 25,000 வரும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அந்த 25,000-க்குள் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும், பணிக்கொடைக்கான தொகையும் அடக்கம். கயலின் பி.எஃப். பங்கு 1,800, தொழில் வரி, குழுக் காப்பீடு எல்லாம் போக, கைக்கு வருவது சுமார் 20,000. திட்டம் போடும்போது இந்தத் தொகையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேமிப்பில் இருந்த 24,000-இல் விடுதி முன்பணம், உடைகள், பயணம் என்று 12,000 போய்விட்டது. மீதி 12,000. மாதச் செலவு இப்படி: காலை, இரவு உணவோடு விடுதி 7,500, மதியச் சாப்பாடும் டீயும் 2,000, போன், சோப்பு, பயணம் எல்லாம் சேர்ந்து 1,500, வீட்டுக்கு 3,000, சொந்தச் செலவு 1,000. மொத்தம் 15,000. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு குறைவு. மாதம் 5,000 மிஞ்சுகிறது.

நவம்பர் வரை நான்கு சம்பளத்தில் 20,000 சேர்ந்து, சேமிப்பு 32,000 ஆகிறது. இதுதான் அவசரப் பணம். விடுதி, சாப்பாடு, போன், வரப்போகும் தவணை எல்லாம் சேர்த்தால் மாதம் 18,000 ரூபாய் அத்தியாவசியச் செலவு. அப்படிப் பார்த்தால் இது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் வேலை மாறும் இடைவெளியையோ ஒரு மருத்துவச் செலவையோ, கடன் ஆப் பக்கம் போகாமல் சமாளிக்க இது போதும். சம்பளக் கணக்கில் வைத்தால் கரைந்துவிடும் என்பதால், யு.பி.ஐ. இணைக்காத வேறொரு சேமிப்புக் கணக்கில் இது இருக்கட்டும்.

காப்பீட்டுக்கும் இந்த மாதங்களில் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். வங்கிக் கணக்கு வழியாக எடுக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 436 ரூபாய். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு. நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் பெற்றோர் தலையில் விழும் என்பதால், இந்த 456 ரூபாய் அவர்களுக்கான பாதுகாப்பு.

டிசம்பர் முதல் மே வரை: தவணை ஒத்திகை

இங்கேதான் உண்மையான சிக்கல் தெரிகிறது. வரப்போகும் தவணை 7,000 ரூபாய்க்கு மேல். கயலிடம் மிஞ்சுவதோ 5,000. அடுத்த ஜூலையில் முதல் தவணையே இடிக்கும்.

அதனால் டிசம்பர் சம்பளத்தில் இருந்தே, தவணை தொடங்கிவிட்டது போல, மாதம் 7,000 ரூபாயை இன்னொரு கணக்குக்கு மாற்றுகிறார். தேதியும் உண்மையான தவணைத் தேதியாகவே இருக்கட்டும், மாதம் 10. கூடுதல் 2,000-ஐ இரண்டு இடத்தில் இருந்து எடுக்கிறார். மதியச் சாப்பாட்டை விடுதியிலிருந்தே கட்டி எடுத்துப் போவதால் 1,000 மிச்சம். இன்னொரு ஆயிரத்துக்கு வீட்டில் பேச வேண்டியிருக்கிறது. "அப்பா, டிசம்பர்ல இருந்து ரெண்டாயிரம்தான் அனுப்ப முடியும். மீதி ஆயிரம் நம்ம லோனுக்குத்தான் ஒதுக்குறேன்" என்று கணக்கைக் காட்டிச் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் புரிந்துகொள்வார்கள். தவணை தவறினால் இணைக் கடன்தாரர் என்ற முறையில் அப்பாவின் சிபில் பதிவிலும் அது ஏறும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாத ஒத்திகையில் 42,000 ரூபாய் சேரும். ரெக்கரிங் டெபாசிட்டில் போட நினைத்தால் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். கடைசித் தவணை கட்டி ஒரு மாதம் கழித்துத்தான் பணம் கைக்கு வரும். ஜூன் 10-ஐத் தாண்டினால் திட்டமே கெட்டுவிடும். பங்குச் சந்தையும் நகைச் சீட்டும் இந்த ஆறு மாதத்துக்கு ஒத்துவராது. குறிப்பிட்ட தேதியில் முழுத் தொகையாக வேண்டிய பணம் இது.

ஜூன் முதல் வாரம்: வட்டியைக் கட்டும் நாள்

ஜூன் 10-க்கு ஒரு வாரம் முன்பே கயல் 40,000 ரூபாயைக் கடன் கணக்கில் கட்டுகிறார். கடைசி நாள் வரை காத்திருந்தால் இடையில் விடுமுறை வரலாம். கட்டும்போது கவனிக்க வேண்டியது, பணம் சேமிப்புக் கணக்குக்குப் போகாமல் கடன் கணக்கு எண்ணுக்கே போகிறதா என்பது. இரண்டு நாள் கழித்து ஸ்டேட்மெண்ட் எடுத்து, பாக்கி அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 'மொரட்டோரிய வட்டிக்காகக் கட்டியது, இதைக் கழித்துவிட்டு மாதத் தவணையைக் கணக்கிடவும்' என்று கிளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் பின்னால் குழப்பம் வராது.

இப்போது கடன் 5,40,000-க்குப் பதில் 5,00,000. பத்து வருஷத் தவணை 7,136-இல் இருந்து சுமார் 6,608 ஆகக் குறைகிறது. மாதம் 528 ரூபாய், பத்து வருஷத்தில் ஏறத்தாழ 63,000 ரூபாய். கட்டியது 40,000. அந்த 40,000 அசலோடு சேர்ந்திருந்தால் போட்டிருக்கும் வட்டிதான் மீதி 23,000.

பத்து வருஷமா, பதினைந்து வருஷமா?

மாதிரித் திட்டத்தில் 15 வருஷம் வரை திருப்பிச் செலுத்தும் காலம் கேட்கலாம். 5 லட்சத்துக்கு 15 வருஷம் என்றால் தவணை சுமார் 5,373 ரூபாய். மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் குறைகிறது. ஆனால் கடைசியில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 1,74,000 ரூபாய் கூடுகிறது.

எதை எடுப்பது என்று உங்கள் ஒத்திகையே சொல்லிவிடும். ஆறு மாதமும் 7,000 ரூபாயைத் தொடாமல் வைக்க முடிந்ததா? பத்து வருஷம் எடுக்கலாம். இரண்டு மாதமாவது அதில் கை வைக்க வேண்டி வந்ததா? பதினைந்து வருஷம் கேளுங்கள். கயலின் கணக்கில் 6,608 ரூபாய் தவணை போக மாதம் 400 ரூபாய்கூட மிஞ்சாது. அதனால் சம்பளம் உயரும் வரை அவரும் 15 வருஷத்தை யோசிக்கலாம்.

நீண்ட காலத்தை எடுத்தவர்கள், கையில் பணம் இருக்கும் மாதங்களில் கூடுதலாகக் கட்டலாம். மாதிரித் திட்டப்படியான கல்விக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. கட்டும்போது 'அசலில் கழிக்கவும்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைக்கப்படலாம்.

வருமான வரிச் சலுகையை நம்பி இந்த முடிவை எடுக்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில்தான் கிடைக்கும். கயலின் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரியே வராது என்பதால் அவருக்கு அதில் பயன் இல்லை.

தவணை தவறும் என்று தெரிந்தால்

சம்பளம் வரும் தேதிக்கும் தவணைத் தேதிக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கும்படி தேதியைக் கேட்டு வாங்குங்கள். கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கிப் பற்று திரும்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. தாமதமான நாட்களும் சிபில் பதிவில் ஏறும். 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு வீட்டுக் கடன், வண்டிக் கடன் எதுவும் எளிதில் கிடைக்காது.

வேலை போய்விட்டால், தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்குப் போங்கள். வேலை முடிந்த கடிதத்தை இணைத்து, சில மாதம் தள்ளிவைக்கவோ தவணையைக் குறைத்து மாற்றியமைக்கவோ எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முடிவு வங்கியுடையது. ஆனால் ஒழுங்காக இருக்கும் கணக்குக்குக் கிடைக்கும் கவனம், மூன்று மாதம் நின்றுபோன கணக்குக்குக் கிடைக்காது.

வட்டிக் கணக்கிலோ மானியத்திலோ குறை இருந்து, வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளாகியும் சரியான பதில் வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் அழைக்கலாம். ஸ்டேட்மெண்ட், புகார்க் கடிதம், ஒப்புகை மூன்றையும் போட்டோ எடுத்து ஒரே போல்டரில் வைத்திருங்கள்.

இன்று போனில் குறித்து வைக்க வேண்டியவை மூன்று: உங்கள் வட்டி அசலோடு சேரும் தேதி, அதற்கு ஒரு வாரம் முன்பு வட்டி கட்டும் தேதி, முதல் தவணைத் தேதி. மூன்றுக்கும் ரிமைண்டர் வைத்துவிட்டு, இந்த வாரமே கிளையில் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள்.